24 நோயாளிகள், மூன்று விடைகள்: கை-ஸ்கொயரா, யேட்ஸ் திருத்தமா, ஃபிஷரா?

ஒரு முதுநிலை மருத்துவ மாணவி தன் ஆய்வேட்டின் அட்டவணையோடு வந்து உட்கார்ந்தார். "சார், நான் எக்செல்ல போட்டா 0.05-க்குக் கீழ வருது. என் கோ-கைடு ஆர்-ல போட்டா மேல வருது. ரெண்டு பேரும் அதே நாலு எண்ணைத்தான் போட்டோம். யாரு தப்பு?" என்று கேட்டார். இருவர் பேரிலும் தப்பில்லை. இருவரும் பார்த்தது கை-ஸ்கொயர் சோதனையின் பி-மதிப்பை, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரும் வாய்ப்பை. எக்செல் எந்தத் திருத்தமும் செய்யாமல் கணக்கிட்டது. ஆர் மென்பொருள் கேட்காமலே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்தது. எதை எடுப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த மாணவிதான், ஆனால் அப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அவருடைய தரவை இங்கே வைக்க முடியாது. அதே சிக்கல் அப்படியே உள்ள ஒரு பழைய தரவை எடுத்துக்கொள்கிறேன். கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையைக் கொண்டுவந்தவர். கை, கால் துண்டிப்பு அறுவைகளின் முடிவுகளை அந்த முறைக்கு முன்னும் பின்னும் என்று பிரித்து 1870-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். முன்காலம் என்று அவர் எடுத்துக்கொண்டது 1864, 1866 ஆகிய ஆண்டுகள். பின்காலம் 1867 முதல் 1869 வரை.

| | இறந்தோர் | பிழைத்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முன் | 16 | 19 | 35 |
| பின் | 6 | 34 | 40 |
| மொத்தம் | 22 | 53 | 75 |

இதில் கையில் மட்டும் அறுவை செய்யப்பட்டவர்களை அவர் தனியாகவும் எடுத்துச் சொன்னார். முன்காலத்தில் 12 பேரில் 6 பேர் இறந்தார்கள். பின்காலத்தில் 12 பேரில் ஒருவர்தான் இறந்தார். மாணவி கேட்ட கேள்வி உண்மையில் கடிப்பது இந்தச் சின்ன அட்டவணையில்தான். ஆனால் எதிர்பார்ப்பு எண்ணிக்கையும் டிகிரி ஆஃப் ஃப்ரீடமும் பெரிய அட்டவணையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

எதிர்பார்ப்பு எண்ணிக்கை

அமிலத்துக்கும் மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் முன், பின் என்ற பிரிவுக்கு அர்த்தமில்லை. 75 பேரில் 22 பேர் இறந்தார்கள், அந்த விகிதம் எல்லாருக்கும் பொது. முன்காலத்து 35 பேருக்கும் அதே 22/75 என்ற விகிதத்தைப் போட்டால் 35 × 22 / 75 = 10.27 மரணங்கள் வர வேண்டும். வரிசை மொத்தத்தை நெடுவரிசை மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுப்பது என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் மற்ற மூன்றையும் கழித்தே எடுத்துவிடலாம். இறந்தோர் மொத்தம் 22, ஆகவே பின்காலத்துக்கு 11.73. முன்காலத்தில் 35 பேர், ஆகவே பிழைத்திருக்க வேண்டியவர்கள் 24.73. மிஞ்சும் கட்டத்துக்கு 28.27. நடந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் நான்கு கட்டங்களிலும் ஒரே அளவுதான், 5.73. குறி மட்டும் மாறும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இது எப்போதும் இப்படித்தான் வரும். வராவிட்டால் எங்கோ கூட்டலில் தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதைவிட எளிய சரிபார்ப்பு கிடையாது.

ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பு எண்ணிக்கையால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 8.50 வருகிறது. இதுதான் கை-ஸ்கொயர் மதிப்பு.

இந்த இடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இரண்டு. "10.27 பேர் எப்படி சார் சாவாங்க?" என்று கேட்டு 10, 12, 25, 28 என்று முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 8.50 இருந்த இடத்தில் 9.33 வரும். எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை அல்ல, அது ஒரு சராசரி. தசமத்தை அப்படியே விட வேண்டும். இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஆட்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகச் சதவீதத்தைப் போடுவது. 45.7, 54.3, 15, 85 என்று நிரப்பினால் 75 பேரின் தரவு 200 பேரின் தரவாக வேடம் போட்டுக்கொள்ளும். கை-ஸ்கொயர் 22.3-க்கு ஏறிவிடும். அட்டவணையில் வரிசை மொத்தங்கள் எல்லாம் சரியாக 100 என்று இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிகிரி ஆஃப் ஃப்ரீடம்: 3-ஆ, 1-ஆ?

8.50 என்பது பெரியதா சிறியதா என்று சொல்ல டிகிரி ஆஃப் ஃப்ரீடம் தேவை. சுருக்கமாக டி.எஃப். என்று எழுதுகிறேன். வரிசைகள் r, நெடுவரிசைகள் c என்றால் (r−1)(c−1) என்று இன்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறோம், இரண்டுக்கு இரண்டில் அது 1. ஆனால் கை-ஸ்கொயரை 1900-இல் உருவாக்கிய கார்ல் பியர்சன் அப்படிச் சொல்லவில்லை. நான்கு கட்டங்கள், அவற்றின் மொத்தம் மட்டும் நிலையானது, ஆகவே 4 − 1 = 3 என்பது அவர் கணக்கு.

இது வெறும் பழங்கதை இல்லை என்பதை எண்களே காட்டும். 8.50-க்கு டி.எஃப். 1 என்றால் பி-மதிப்பு 0.0036. டி.எஃப். 3 என்றால் 0.037. பத்து மடங்கு வித்தியாசம். 1915-இல் புள்ளியியலாளர்கள் கிரீன்வுட்டும் யூலும் டைஃபாய்டு, காலரா தடுப்பூசித் தரவுகளை ஆராய்ந்தபோது இந்த முரண்பாட்டில் முட்டிக்கொண்டார்கள். இரண்டு விகிதங்களை நேரடியாக ஒப்பிடும் சோதனை ஒரு விடை தந்தது, பியர்சனின் டி.எஃப். 3 வேறொரு விடை தந்தது. அதே தரவுக்கு, அதே கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்க முடியாது.

1922-இல் ரொனால்ட் ஃபிஷர் விளக்கம் சொன்னார். எதிர்பார்ப்பு எண்ணிக்கையை நாம் எங்கிருந்து எடுத்தோம்? 22/75 என்ற விகிதம் வானத்திலிருந்து வரவில்லை, இதே அட்டவணையிலிருந்து எடுத்தது. 35-க்கு 40 என்ற பங்கும் அப்படியே. தரவிலிருந்து நாம் மதிப்பிட்டு எடுத்த ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டி.எஃப். போய்விடும். 3-இல் இரண்டு போனால் 1. வேறு விதமாகச் சொன்னால், ஓர மொத்தங்கள் நான்கையும் வைத்துக்கொண்டு அட்டவணையை நிரப்பப் பாருங்கள். ஒரு கட்டத்தை நிரப்பும் வரைதான் உங்களுக்குச் சுதந்திரம். 16 என்று எழுதிய கணமே மற்ற மூன்றும் தீர்மானமாகிவிடுகின்றன. மேலே எதிர்பார்ப்பு எண்ணிக்கையில் ஒன்றைப் பெருக்கி எடுத்து மூன்றைக் கழித்து எடுத்தோமே, அதுவே இதற்குச் சான்று.

பியர்சன் இதை ஏற்கவில்லை. ஆனால் யூல் சும்மா இருக்கவில்லை. சுழலும் வட்டத் தட்டில் அவரை விதைகளைப் போட்டு, எந்தத் தொடர்பும் இல்லாத அட்டவணைகளைத் தற்செயலாகவே உண்டாக்கிப் பார்த்தார். இரண்டுக்கு இரண்டு அட்டவணைகள் மட்டும் 350. அதன் முடிவுகள் டி.எஃப். 1-ஓடு பொருந்தின, 3-ஓடு பொருந்தவில்லை. இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு சூத்திரத்தைப் பற்றிய சண்டையை எண்ணிப் பார்த்தே தீர்க்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து விதைகளை எண்ணியிருக்கிறார்.

பியர்சனின் தவறு இன்றும் உயிரோடு இருக்கிறது, மென்பொருள் வழியாக. பைத்தானில் `scipy.stats.chisquare` என்ற செயற்கூறுக்கு நான்கு கட்டங்களையும் எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளையும் கொடுத்தால், அது டி.எஃப். 3 என்று எடுத்துக்கொண்டு 0.037 என்று சொல்லும். அது ஒரே வரிசைத் தரவுக்கான சோதனை, சார்பின்மைச் சோதனை அல்ல. நமக்கு வேண்டியது `chi2_contingency`. இன்னொரு வழியும் உண்டு. மொத்தம் என்ற வரிசையையும் நெடுவரிசையையும் சேர்த்தே மென்பொருளுக்குக் கொடுத்துவிடுவது. அப்போது கை-ஸ்கொயர் மதிப்பு மாறவே மாறாது, அதே 8.50. மொத்தக் கட்டங்களில் நடந்ததும் எதிர்பார்த்ததும் ஒன்றாகவே வருவதால் அவை கூட்டலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் அட்டவணை மூன்றுக்கு மூன்றாகி டி.எஃப். 4 ஆகிவிடும், பி-மதிப்பு 0.075 ஆகிவிடும். 16 பேர் செத்த இடத்தில் 6 பேர் என்று குறைந்ததை "முக்கியத்துவம் இல்லை" என்று எழுத வைக்கும் தவறு இது. அதனால்தான் யார் அட்டவணை கொண்டுவந்தாலும் நான் பி-மதிப்பைப் பார்ப்பதற்கு முன் டி.எஃப்.-ஐப் பார்க்கிறேன்.

இனி சின்ன அட்டவணை

| கை அறுவை | இறந்தோர் | பிழைத்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முன் | 6 | 6 | 12 |
| பின் | 1 | 11 | 12 |
| மொத்தம் | 7 | 17 | 24 |

எதிர்பார்ப்பு எண்ணிக்கை எளிது. இரண்டு குழுக்களும் சமம் என்பதால் 7-இல் பாதி, 3.5 மரணங்கள். பிழைத்தோர் 8.5. வித்தியாசம் எல்லாக் கட்டத்திலும் 2.5. ஆரில் இப்படிப் போட்டுப் பார்க்கலாம்:

```r
m <- matrix(c(6, 1, 6, 11), nrow = 2)
chisq.test(m, correct = FALSE)
chisq.test(m)
fisher.test(m)
```

திருத்தம் இல்லாத பியர்சன் சோதனையில் கை-ஸ்கொயர் 5.04, பி-மதிப்பு 0.025. யேட்ஸ் திருத்தத்தோடு 3.23, பி-மதிப்பு 0.072. ஃபிஷரின் எக்ஸாக்ட் சோதனையில் 0.069. 0.05 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. மாணவிக்கும் அவருடைய கோ-கைடுக்கும் நடந்தது இதுவேதான்.

எதை நம்புவது என்று சொல்வதற்கு முன் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அட்டவணை சிறியது என்பதால் நடக்கக்கூடியது எல்லாவற்றையும் எண்ணியே பார்த்துவிடலாம். 24 பேரில் எந்த 7 பேர் இறந்தார்கள் என்பதற்கு 346104 வழிகள் உண்டு. அமிலத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றால் அவை எல்லாமே சம வாய்ப்பு. அந்த 7 மரணங்கள் இரு குழுக்களுக்கும் எப்படிப் பிரிகின்றன என்று பார்ப்போம். 4-க்கு 3 என்று, எந்தப் பக்கமாக வேண்டுமானாலும், பிரிய 217800 வழிகள். 5-க்கு 2 என்று பிரிய 104544. 6-க்கு 1 என்று பிரிய 22176. 7-க்கு 0 என்று பிரிய 1584.

ஆகவே இந்த அட்டவணையில் கை-ஸ்கொயர் எடுக்கக்கூடிய மதிப்புகள் நான்கே நான்கு: 0.20, 1.82, 5.04, 9.88. இடையில் எதுவும் கிடையாது. ஆனால் நாம் பி-மதிப்பு பார்க்கும் கை-ஸ்கொயர் வளைவு வழுவழுப்பானது, இடைவெளியே இல்லாதது. படிக்கட்டு மேல் சாய்தளப் பலகையை வைப்பது போன்ற வேலை இது. படிகள் நிறைய, சிறியவையாக இருந்தால் பலகை நன்றாகப் பொருந்தும். நான்கே படி என்றால் எங்கே வைத்தாலும் எங்கோ தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதே எண்ணிக்கையை வைத்து டி.எஃப். விவாதத்தையும் ஒருமுறை சோதித்துவிடலாம். கை-ஸ்கொயர் பரவலின் சராசரி அதன் டி.எஃப்.-க்குச் சமம். நான்கு மதிப்புகளையும் அவற்றின் வழிகளால் பெருக்கிச் சராசரி எடுத்தால் 1.04 வருகிறது. 3-க்குப் பக்கத்தில்கூட இல்லை. யூல் விதைகளை எண்ணிக் கண்டதைக் காகிதத்தில் பத்து நிமிடத்தில் நாமே காணலாம்.

மூன்றையும் ஒப்பிட்டால்

ஃபிஷரின் எக்ஸாக்ட் சோதனை பலகையை விட்டுவிட்டுப் படிக்கட்டையே எண்ணுகிறது. நடந்தது 6-க்கு 1. அந்த அளவோ அதைவிடக் கடுமையாகவோ பிரிய (22176 + 1584) / 346104 = 0.069. இதில் தோராயம் எதுவும் இல்லை, அதுதான் அதன் பலம். அதன் பலவீனமும் அதே படிக்கட்டில்தான் இருக்கிறது. 0.05-ஐ எல்லையாக வைத்துக்கொண்டால் 6-க்கு 1 என்ற படி எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லைக்குள் வர 7-க்கு 0 என்றே ஆக வேண்டும். அதன் வாய்ப்பு 0.0046 மட்டுமே. அதாவது தொடர்பே இல்லாதபோது 100-இல் 5 முறை "தொடர்பு உண்டு" என்று தவறாகக் கை தூக்கலாம் என்று நாம் அனுமதி கொடுத்தாலும், இந்தச் சோதனை 1000-இல் 5 முறைகூடத் தூக்காது. உண்மையான வித்தியாசம் இருந்தாலும் பிடிக்கத் தவறும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த எண்ணிக்கை 7 மரணங்கள் என்ற மொத்தத்தை முன்பே முடிவானதாக எடுத்துக்கொள்கிறது. 1935-இல் ஃபிஷர் விவரித்த தேநீர்ப் பரிசோதனையில் அது பொருந்தும். 8 கோப்பைகளில் 4-இல் பால் முதலில் ஊற்றப்பட்டது என்று சுவைப்பவருக்கே சொல்லிவிட்டார்கள், அவரும் 4 கோப்பைகளைத்தான் சொல்ல வேண்டும். இரு பக்க மொத்தங்களும் முன்பே கட்டப்பட்டவை. லிஸ்டரின் வார்டில் 7 பேர் சாக வேண்டும் என்று யாரும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை.

திருத்தமில்லாத பியர்சன், பலகை போதுமான அளவு பொருந்தும் என்று நம்புகிறது. இந்த அட்டவணையில் அது 6-க்கு 1 என்ற படியைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்த 7 மரணங்களுக்குள் பார்த்தால், 0.05 என்று சொல்லிவிட்டு 0.069 அளவுக்குத் தவறாகக் கை தூக்குகிறது. மரணங்களின் மொத்தமும் மாறக்கூடியது என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. இரண்டு குழுக்களும் சம அளவில் இருக்கும்போது அது 0.05-க்குப் பக்கத்திலேயே நிற்கும், சில இடங்களில் கொஞ்சம் தாண்டும்.

யேட்ஸ் திருத்தம் 1934-இல் வந்தது. ஒவ்வொரு வித்தியாசத்திலும் 0.5-ஐக் குறைத்துவிட்டுப் பிறகு வர்க்கமாக்குவது. நம் அட்டவணையில் 2.5 என்பது 2 ஆகிறது. இதன் நோக்கத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கை-ஸ்கொயரைப் பொதுவாக "மேம்படுத்துவது" அல்ல அதன் வேலை. ஃபிஷர் சோதனையின் விடையைக் கையால் கணக்கிடக்கூடிய வழியில் நெருங்குவதுதான். நெருங்கவும் செய்கிறது: 0.072, 0.069. கால்குலேட்டர்கூட இல்லாத காலத்தில் 346104 வழிகளை எண்ணுவதைவிட 0.5-ஐக் கழிப்பது எவ்வளவோ மேல். இன்று கணினி ஒரு நொடியில் எண்ணித் தருகிறது. ஃபிஷரின் விடை வேண்டுமென்றால் ஃபிஷரையே கேட்கலாம், அதன் நிழலைக் கேட்க வேண்டியதில்லை. ஃபிஷரின் குறைகள் எல்லாம் இதற்கும் உண்டு, அதன் துல்லியம் மட்டும் இல்லை. ஆகவே யேட்ஸை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன். ஆரிலும் பைத்தானிலும் இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அது தானாகவே சேர்ந்துவிடும் என்பதால் `correct = FALSE` அல்லது `correction=False` என்று நீங்களே எழுதி நிறுத்த வேண்டும்.

ஃபிஷருக்கும் பியர்சனுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மிட்-பி என்று பெயர். நடந்த படியின் வாய்ப்பை முழுதாகச் சேர்க்காமல் பாதி மட்டும் சேர்ப்பது. (11088 + 1584) / 346104 = 0.037. படியின் விளிம்பில் நிற்காமல் படியின் நடுவில் நிற்பது போல. ஃபிஷரின் மிகை எச்சரிக்கையை இது பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறது. ஆனால் எந்தச் சூழலிலும் 0.05-ஐத் தாண்டாது என்ற உத்தரவாதத்தை இழக்கிறது. எனக்கு இது பிடித்த வழி. ஆனால் ஆய்வேடு திருத்தும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்காது.

அப்படியானால் எதை எடுப்பது

பெரிய அட்டவணையில் கேள்வியே எழவில்லை. அங்கே குறைந்தபட்ச எதிர்பார்ப்பு எண்ணிக்கை 10.27. பியர்சன் 0.0036, யேட்ஸ் 0.0078, ஃபிஷர் ஏறத்தாழ 0.005. மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. அங்கே நான் திருத்தமில்லாத பியர்சனை டி.எஃப். 1-ஓடு எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சின்ன அட்டவணைக்கு வழக்கமாகச் சொல்லும் விதி, எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் ஃபிஷர் என்பது. 1954-இல் காக்ரன் எழுதியதன்படி, மொத்தம் 20-க்கும் 40-க்கும் இடையே இருந்து, மிகச் சிறிய எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே இருந்தால் ஃபிஷர். நம் அட்டவணையில் 24 பேர், 3.5. ஆகவே அந்த விதி ஃபிஷரைக் காட்டுகிறது. தேர்வுக்குழுவின் முன் நிற்கப்போகும் மாணவிக்கு நானும் அதையே சொன்னேன். ஃபிஷர் எடுங்கள், கூடவே மிட்-பி மதிப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள், 0.05-க்கு அந்தப் பக்கம் விழுந்ததை "தொடர்பு இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லிஸ்டரின் அட்டவணையாக இருந்தால், 50 சதவீத மரணம் 8 சதவீதமாக இறங்கியிருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள்.

இந்த விதியில் மிக அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் "எதிர்பார்ப்பு". கட்டத்தில் கண்ட எண்ணிக்கை 5-க்குக் கீழே இருப்பதைப் பார்த்தே பலர் ஃபிஷருக்குத் தாவிவிடுகிறார்கள். ஆளுக்கு 100 பேர் கொண்ட இரு குழுக்களில் 2 பேரும் 14 பேரும் இறந்திருந்தால், கண்ட எண்ணிக்கை 2 என்றாலும் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 8. கை-ஸ்கொயர் தாராளமாகப் போதும். ஆரோடு வரும் `HairEyeColor` தரவிலும் இதைப் பார்க்கலாம். டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 592 பேரின் முடி நிறமும் கண் நிறமும் அதில் உள்ளன. நான்குக்கு நான்கு அட்டவணை, டி.எஃப். 9. கறுப்பு முடியும் பச்சைக் கண்ணும் உள்ளவர்கள் 5 பேர்தான். ஆனால் கறுப்பு முடி 108 பேர், பச்சைக் கண் 64 பேர், எதிர்பார்ப்பு எண்ணிக்கை 108 × 64 / 592 = 11.7. அட்டவணையின் மிகச் சிறிய எதிர்பார்ப்பு எண்ணிக்கை செம்முடியும் பச்சைக் கண்ணும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கிறது, 7.7. அங்கே கண்ட எண்ணிக்கையோ 14. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் கட்டம் ஒன்று, உண்மையில் பலவீனமான கட்டம் வேறொன்று.

இரண்டுக்கு இரண்டைவிடப் பெரிய அட்டவணையில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை குறைந்தால் இரண்டு வகைகளை ஒன்றாக்குவது என்ற வழியும் உண்டு. அதற்கு விலை டி.எஃப்.-இல் தெரியும். மேலே சொன்ன அட்டவணையில் இரண்டு முடி நிறங்களைச் சேர்த்தால் 9 இருந்தது 6 ஆகும், அந்த இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு கணக்கிலிருந்தே போய்விடும். பொருளளவில் சேரக்கூடிய வகைகளாக இருந்தால் சேர்க்கலாம், ஆனால் முடிவைப் பார்ப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். 0.05-க்குக் கீழே வரும்வரை விதவிதமாகச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பி-மதிப்புக்கு எந்த அர்த்தமும் இல்லை. பியர்சனா ஃபிஷரா என்ற தேர்வுக்கும் இது பொருந்தும். அதனால் நெறிமுறை எழுதும்போதே "எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே இருந்தால் ஃபிஷர், இல்லாவிட்டால் திருத்தமில்லாத கை-ஸ்கொயர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

இரண்டுக்கு இரண்டில் ஒன்றாக்க வகை எதுவும் மிச்சமில்லை. ஆனால் கையையும் காலையும் சேர்த்து 75 பேராகவே பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். லிஸ்டர் கையைத் தனியாக எடுத்ததற்கு மருத்துவக் காரணம் இருந்தது. கை அறுவையில் ரத்த இழப்பும் அதிர்ச்சியும் குறைவு, ஆகவே அங்கே நிகழும் மரணத்தில் காயம் அழுகியதன் பங்கு கூடுதல். அவர் கேட்ட கேள்விக்கு 24 பேரின் அட்டவணைதான் நெருக்கமானது, 75 பேரின் அட்டவணைதான் வலுவானது. இரண்டில் எதை எடுத்தாலும், முன்காலமும் பின்காலமும் வேறு வேறு ஆண்டுகள், நோயாளிகள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அந்தக் குறையை எந்தப் பி-மதிப்பும் சரிசெய்யாது.

அந்த 1870 கட்டுரையிலேயே, இந்த எண்கள் திருப்தியான புள்ளியியல் ஒப்பீட்டுக்கு மிகச் சிறியவை என்று லிஸ்டர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொண்ட பிறகே 12-இல் 6, 12-இல் 1 என்ற எண்களைக் காட்டுகிறார். கை-ஸ்கொயர் பிறக்க அப்போது இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன.